முகாமில் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம்

கேள்வி: நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு முன்பள்ளி ஆசிரியை. வெள்ளத்தால் எங்கள் கிராமம் முழுக்க இப்போது பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறது. 3 வயது தொடக்கம் 12 வயது வரை நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குழு வந்து விளையாட்டு நடத்தி, பரிசு கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறது. அவர்கள் போன பிறகு பிள்ளைகள் முன்னையிலும் பார்க்கக் குழம்புகிறார்கள். 5 வயதுப் பொடியன் ஒருவன் தாயின் சட்டையை விடுகிறானில்லை. வேறு சிலர் நாள் முழுக்க "வெள்ளம் வருது" என்று கத்தி ஓடி விளையாடுகிறார்கள், தாய்மாருக்கு அது பொறுக்கவில்லை. போன கிழமை ஒரு தொண்டர் வெள்ளத்தை வரையச் சொல்லி, ஒவ்வொருவராக எழும்பி விளக்கச் சொன்னார். ஒரு பிள்ளை அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. நான் உளவளத்துணை படித்தவள் இல்லை. பள்ளி திறக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

நாளைக் காலையிலிருந்து, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஆட்களோடு, ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் நடத்துங்கள். அதற்கு மேல் வேண்டாம். நாள் முழுக்க நடத்தத் தொடங்கினால் நான்காம் நாள் நீங்கள் களைத்துவிடுவீர்கள், ஐந்தாம் நாள் நேரம் பிந்தும், பிறகு ஒரு நாள் நடக்காமலே போகும். தினமும் தவறாமல் நடக்கிற இரண்டு மணித்தியாலம், நடக்குமோ நடக்காதோ என்ற எட்டு மணித்தியாலத்தை விடப் பிள்ளைக்குப் பயன் தரும்.

காரணம் இதுதான். வீட்டில் பிள்ளையின் நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அம்மா அடுப்பு மூட்டுவது, முன்பள்ளி மணி, மாடு பட்டிக்குத் திரும்புவது என்று ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று வரும். சின்னப் பிள்ளைக்கு மணிக்கூடு தெரியாது, இந்த வரிசைதான் தெரியும். முகாமில் அந்த வரிசை இல்லை. சாப்பாடு எப்போது வரும், யார் வருவார், இன்றிரவு எங்கே படுப்போம் என்று பெரியவர்களுக்கே தெரியாது. அடுத்தது என்ன என்று தெரியாத பிள்ளை எந்நேரமும் விழிப்பாகவே இருக்கும், பெரியவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் புது ஆட்கள் வருவது பிள்ளைகளைக் குழப்புகிறது. சந்தோசமாக இருந்தாலும் அது இன்னொரு எதிர்பாராத வருகை, இன்னொரு பிரிவு. பாடத்திட்டமோ சிகிச்சையோ தெரியாவிட்டாலும் அந்த வரிசையை உங்களால் திரும்பக் கொடுக்க முடியும். அதைத்தான் கேட்கிறேன்.

முதலில் இடம். மண்டபத்தின் ஒரு மூலையோ, மரநிழலில் விரித்த ஒரு தறப்பாளோ போதும். ஆனால் கிணறு, மலசலகூடம், நிவாரணம் இறக்குகிற இடம், வாகனம் திரும்புகிற இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். தாய்மார் சமைக்கும் இடத்திலிருந்தோ வரிசையில் நிற்கும் இடத்திலிருந்தோ பார்த்தால் தெரிய வேண்டும். மறைவான அறை வேண்டவே வேண்டாம். எல்லையைக் கயிறாலோ சுண்ணாம்பாலோ கோடு போட்டுக் காட்டுங்கள். "இதற்குள்ளே நாங்கள் இருக்கிறோம்" என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு கோடு சின்னப் பிள்ளைகளுக்கு நிறையத் தைரியம் தரும். எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரிய ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: பள்ளிக் காணிக்கு வெளியே, பழக்கமில்லாத பற்றைக்குள் விளையாட விடாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. வெள்ளம் மண்ணை அரித்துப் பழைய வெடிபொருளை வெளியே கொண்டுவரவும் கூடும், வேறு இடத்தில் கொண்டுபோய்ப் போடவும் கூடும். தெரியாத இரும்புப் பொருள் எதையும் தொடாமல் பெரியவருக்குச் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே விளையாட்டு விதி மாதிரிச் சொல்லிவிடுங்கள்.

நேரத்தைச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கும் நேரத்தோடு முட்டாமல் வையுங்கள். காலை 9.30 முதல் 11.30 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பது நாற்பது பேர். 3 முதல் 6 வயது ஒரு குழு, 7 முதல் 12 வயது இன்னொரு குழு. 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்குக் குறைந்தது இரண்டு பெரியவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, அதிலும் சின்னவர்களுக்கு இன்னும் கூடுதல் கைகள் தேவை. ஆகவே நீங்கள் உட்பட ஆறு பேரைப் பிடியுங்கள், நாலு பேர் சின்னவர்களோடு, இரண்டு பேர் மூத்தவர்களோடு. கெட்டிக்காரர் யார் என்று தேடாமல், மூன்று கிழமையும் இந்த முகாமில் இருக்கக்கூடியவர் யார் என்று பாருங்கள். ஓ.எல். எழுதிவிட்டு இருக்கும் பிள்ளை, பொறுமையான ஓர் அம்மம்மா, சனசமூக நிலையத்துத் தம்பி, யாராகவும் இருக்கலாம். இருவர் இருவராகவே நிற்க வேண்டும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக எங்கும் போகக் கூடாது. இதை முதல் நாளே எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டால் பிறகு யார் மீதும் சந்தேகப்பட்டுச் சொன்னதாக இராது.

இனி அந்த இரண்டு மணித்தியாலம். தொடக்கமும் முடிவும் ஒரு நாளும் மாறக் கூடாது, நடுவில் இருப்பது மாறலாம். 9.30க்கு மணி. வட்டமாக இருத்தி இடாப்புக் கூப்பிடுங்கள். இதைச் சடங்காக நினைத்து விட்டுவிடாதீர்கள், முழுப் பெயரும் சொல்லி, முகத்தைப் பார்த்துக் கூப்பிடுங்கள். முகாமில் பிள்ளைகள் வரிசையிலும் பட்டியலிலும் ஒரு எண்ணிக்கை ஆகிவிடுகிறார்கள். வராத பிள்ளையின் பெயர் வரும்போது "எங்கே போனார், யாருக்குத் தெரியும்?" என்று கேட்டு ஆள் அனுப்புங்கள். நான் வராவிட்டாலும் தேடுவார்கள் என்பதை மற்றப் பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வார்கள். பிறகு ஒரு பாட்டு. தினமும் அதே பாட்டு, உங்கள் முன்பள்ளியில் வழமையாகப் பாடுவதே நல்லது.

அடுத்த அரை மணித்தியாலம் உடம்பு களைக்க விளையாடட்டும். மூத்த பிள்ளைகளுக்குக் கிளித்தட்டு, சின்னவர்களுக்குக் கெந்தித் தொடுவது. பயந்த உடம்பு முதலில் ஓடித் தீர்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அது இருந்து விளையாடும். தோற்றவரை வெளியே இருத்தும் விளையாட்டுகளை இப்போது தவிருங்கள். வெளியே தள்ளப்பட்ட பிள்ளை அழுவதற்கு ஒரு சின்னக் காரணமே போதும் என்ற நிலையில் இருக்கிறது. பிறகு முக்கால் மணித்தியாலம் தன்னிச்சையான விளையாட்டு: களிமண், சிரட்டை, போத்தல் மூடி, பழைய சேலைத் துண்டு, கொக்கான் வெட்டக் கல்லு. ஒரேயொரு நல்ல பந்தோ பொம்மையோ இருந்தால் சண்டைதான் வரும், மலிவான பொருள் நிறைய இருக்கட்டும். இந்த முக்கால் மணித்தியாலத்தில் நீங்கள் எதையும் கற்பிக்காதீர்கள். பாயில் இருந்து பாருங்கள், கூப்பிட்டால் மட்டும் போங்கள். கடைசியில் தண்ணீர், ஒரு சின்னக் கதை, பொருட்களை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கி வைப்பது, அதே பாட்டு, அப்புறம் ஒரு வசனம்: "நாளைக்கு 9.30க்கு நானும் இன்ன அக்காவும் இங்கே இருப்போம்." அது உண்மையாக இருக்க வேண்டும். நீங்கள் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டி வந்தால் முதல் நாளே சொல்லி, உங்களுக்குப் பதிலாக யார் இருப்பார் என்று அவரைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள்.

13, 14 வயதுக்காரரை இந்த வட்டத்துக்குள் இழுக்காதீர்கள். அவர்களுக்குப் பின்னேரம் ஒரு கரப்பந்து வலையும், இருந்து படிக்க வெளிச்சமுள்ள ஒரு வகுப்பறையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

சின்னவர் குழுவில் இன்னொரு பிரிப்பும் செய்யுங்கள். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று ஆளைக் குறித்துவிடுங்கள். விழுந்து அழுதால், மூக்கு வடிந்தால், சண்டை வந்தால் அவரிடமே போகட்டும். இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் பிள்ளைகளின் உளவியலை ஆராய்ந்த அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்ஹாமும் அங்கே ஹாம்ஸ்டெட் பகுதியில் பிள்ளைகள் இல்லம் நடத்தினார்கள். தொடக்கத்தில் எல்லாத் தாதியரும் எல்லாப் பிள்ளைகளையும் பொதுவாகப் பார்த்தார்கள். பிறகு பிள்ளைகளைச் சிறு சிறு "குடும்பங்களாக"ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாதியைப் பொறுப்பாக்கினார்கள். உடனே நடந்தது முன்னேற்றம் இல்லை: பொறாமை, அழுகை, "என்ர ஆள்" என்று பிடித்து இழுப்பது எல்லாம் கூடின. அது கொஞ்சம் அடங்கிய பிறகுதான் பேச்சிலும் பழக்கவழக்கத்திலும் பிள்ளைகள் வேகமாக முன்னேறினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதற் கிழமை முடிவில் உங்களிடமும் இதுதான் நடக்கும். "முந்தி பேசாமல் இருந்தவள் இப்ப அழுகிறாள்" என்று தாய் முறைப்பாடு சொல்வாள். அழுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள், குழுவை மாற்றாதீர்கள்.

வெளியிலிருந்து வருகிறவர்களை விரட்டவும் தேவையில்லை. கிராம அலுவலரிடம் சொல்லி ஒரு விதி வைத்துவிடுங்கள்: பரிசும் பிஸ்கற்றும் தாய்மார் குழுவிடம் போகும், விளையாட்டு நடத்த விரும்புகிறவர் ஐந்து நாள் தொடர்ந்து வர முடிந்தால் வரட்டும், முடியாவிட்டால் தறப்பாள் கட்டவும் மண்டபம் கழுவவும் உதவட்டும், பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுப்பதில்லை. முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

இனி அந்த 5 வயதுப் பொடியன். அவனைத் தாயிடமிருந்து பிரித்தெடுப்பதை இலக்காக வைக்க வேண்டாம். தாயையும் சேர்த்தே கூப்பிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாளும் அவள் கோட்டுக்கு உள்ளே பாயில் இருக்கட்டும், அவன் அவளுடைய மடியிலேயே இருந்து பார்க்கட்டும். அவனுக்குப் பொறுப்பான பெரியவர் அவனைக் கூப்பிடாமல், பக்கத்தில் இருந்து களிமண் உருட்டட்டும். அவன் கை ஒருநாள் களிமண்ணுக்கு நீளும். அதற்குப் பிறகு தாய் பாயின் ஓரத்துக்கு, பிறகு கோட்டுக்கு வெளியே அவன் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு நகரலாம். அதுவும் பழகிய பிறகு, "அம்மா தண்ணி எடுக்கப் போறன், நீங்கள் பாட்டுப் பாடி முடிக்கிறதுக்குள்ள வந்திருவன்" என்று சொல்லிப் போய், சொன்னபடி வர வேண்டும். 5 வயதுக்கு "பத்து நிமிசம்" புரியாது, "பாட்டு முடிய" என்பது புரியும். அவளுடைய சேலைத் துண்டு ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது: அவன் விளையாட்டில் இருக்கும்போது சொல்லாமல் நழுவிப் போவது. அன்று அழுகை மிச்சம் என்று தோன்றும், அடுத்த நாள் அவன் இரண்டு கையாலும் பிடிப்பான். பலத்த மழை பெய்த இரவுக்குப் பிறகு அவன் ஒரு படி பின்னுக்குப் போவான். அப்போது நீங்களும் ஒரு படி பின்னுக்குப் போய்த் தொடங்குங்கள்.

அந்தத் தாயோடும் கொஞ்சம் பேச வேண்டும். அவளுக்கு 25 வயது சொச்சம் என்றால் 2009இல் அவளுக்கு வயது எட்டு, ஒன்பது. போர் முடிந்தபோது சனங்களை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் இருந்த பிள்ளையாக இருக்கலாம். தறப்பாள் வெக்கை, சாப்பாட்டு வரிசை, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவது எல்லாம் இப்போது அவளுக்குத் திரும்ப வருகிறது. பிள்ளை அவளைப் பிடித்திருப்பது போலவே அவளும் பிள்ளையைப் பிடித்திருக்கக்கூடும். பழைய கதையைக் கிண்ட வேண்டாம், "உங்களுக்கு இரவில் நித்திரை வருகுதோ?" என்று மட்டும் கேட்டு, பிளேன்ரீ ஒன்று கொடுத்துப் பக்கத்தில் இருத்துங்கள். அவள் தானாகச் சொன்னால் கேளுங்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் தாய்மார் நாலைந்து பேர் சேர்ந்திருந்து கதைக்க ஒரு பாயை அருகில் விரிப்பதும் உதவும். தாய் அமைதியானால் அவன் கையும் தளரும்.

"வெள்ளம் வருது" விளையாட்டை நிறுத்தாதீர்கள். நடந்ததைத் தங்கள் கைக்குள் கொண்டுவரப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வழி அது. நிஜத்தில் வெள்ளம் அவர்களைத் துரத்தியது, விளையாட்டில் வெள்ளம் எப்போது வர வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது, நாளுக்கு நாள் அது மாறுகிறதா என்பதை. ஒரு நாள் எல்லோரும் ஓடுகிறார்கள், மறுநாள் ஒருவன் படகோட்டி ஆகிறான், அடுத்த நாள் ஆட்டுக்குட்டியையும் ஏற்றுகிறார்கள், சிரிப்பும் வருகிறது, புதுப் பிள்ளைகளும் சேர்கிறார்கள் என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. ஒரு பிள்ளை மட்டும், சிரிப்பில்லாமல், அதே சொல், அதே ஓட்டம், அதே முடிவு என்று திரும்பத் திரும்பச் செய்து, முடிவில் முன்னிலும் பதற்றமாக நிற்கிறது என்றால் அந்த விளையாட்டு சிக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது ஒரு கயிறையோ, "படகு" ஆக்க ஒரு மேசையையோ பக்கத்தில் வைத்துவிட்டு, "இவையள எங்க கொண்டுபோய் இறக்குவம்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். கதைக்கு ஒரு கரை கிடைத்தால் சில பிள்ளைகள் தாங்களே மேற்கொண்டு நடத்துவார்கள். பல நாள் முயன்றும் மாறாத பிள்ளையைக் குறித்து வையுங்கள், கீழே சொல்கிறேன். தாய்மாருக்குப் பொறுக்கவில்லை என்றால் அவர்கள் காதுக்கு எட்டாத பக்கத்துக்கு விளையாட்டை நகர்த்துங்கள், நிறுத்த வேண்டாம்.

வரைதல் விசயத்தில் உங்கள் சந்தேகம் சரி. அனுபவத்தை ஒரே அமர்வில் சொல்ல வைப்பது பயன் தராது, கெடுதலும் செய்யலாம். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அவசரகால உளசமூக வழிகாட்டி அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. தாளையும் நிறக்கட்டியையும் வையுங்கள், தலைப்புக் கொடுக்காதீர்கள். பிள்ளை தானாக வந்து காட்டினால் "இது என்ன?" என்று விசாரிக்காமல், கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: "நிறைய நீலம் போட்டிருக்கிறீங்கள்." தொடர்வதும் விடுவதும் பிள்ளையின் விருப்பம். சுவரில் ஒட்டிக் காட்சிப்படுத்த வேண்டாம்.

பிள்ளைகள் உங்களிடம் நேராகவே கேட்பார்கள்: "ரீச்சர், குளம் உடைக்குமோ?" "உடைக்காது" என்று சத்தியம் பண்ணாதீர்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் கிடந்த கதை அவர்களுக்கு வீட்டில் கேட்டுத் தெரியும். "குளத்து மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கினம். ஏதும் என்றால் ஒலிபெருக்கியில் சொல்லுவினம். அப்ப நாங்கள் எல்லாரும் சேர்ந்து மாடிக் கட்டடத்துக்குப் போவம்" என்பது போல, உங்கள் முகாமில் உண்மையாக உள்ள ஏற்பாட்டைச் சொல்லுங்கள். ஏற்பாடு ஒன்றும் இல்லை என்றால் முதலில் கிராம அலுவலரோடு இருந்து அதைச் செய்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இதன் எல்லையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இப்படியான விளையாட்டு இடங்களைப் பல நாட்டு முகாம்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். பலன் உண்டு, ஆனால் அளவானது. சின்னவர்களுக்குக் கூடுதலாகவும், வளர்ந்தவர்களுக்குக் குறைவாகவும் தெரிகிறது. தகப்பனின் குடியையோ, போன வீட்டையோ இது சரிப்படுத்தாது. படுக்கையில் சலம் போவது, விரல் சூப்புவது, மழைச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது எல்லாம் முதற் கிழமைகளில் வழமை. ஏச வேண்டாம், பெரும்பாலும் தானாகக் குறையும். ஒரு மாதமாகியும் குறையாமல் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். சாப்பாட்டை விட்ட பிள்ளை, பேச்சே நின்ற பிள்ளை, தன்னைக் காயப்படுத்தும் பிள்ளை, சாக வேண்டும் என்று சொல்லும் பிள்ளை ஆகியோருக்கு மாதம் பார்க்கக் கூடாது, அன்றைக்கே அனுப்புங்கள். யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், நீங்கள் விசாரணை செய்யாமல், சொன்ன சொல்லை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ 1929 இலக்கத்துக்கோ அறிவியுங்கள். "ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முடிப்பதற்கும் இப்போதே ஏற்பாடு வேண்டும். முகாமிலிருந்து எல்லோரும் ஒரே நாளில் போக மாட்டார்கள், தண்ணீர் வடிய வடிய வீட்டுக்கு வீடு போவார்கள். சில பிள்ளைகள் விடியும்போது பக்கத்துப் பாய் வெறுமையாக இருப்பதைக் காண்பார்கள். அதனால் போகிற குடும்பங்களிடம் முதல் நாளே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, எல்லோரும் கை தந்து அனுப்பலாம். இடாப்பிலிருந்து பெயரை வெட்டாமல் பக்கத்தில் "வீட்டுக்குப் போய்விட்டார்" என்று எழுதி வாசியுங்கள். கடைசிக் கிழமை சுவரில் ஏழு கட்டம் கீறி, ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை ஒன்றுக்கு நிறம் தீட்டட்டும். உங்கள் முன்பள்ளிக் கட்டடத்தில் சேறு எடுத்து, கிணறு இறைத்து முடிய நாள் பிடிக்கும் என்றால், அதுவரை யாருடைய வீட்டு முற்றத்திலாவது அதே 9.30க்கு, அதே பாட்டோடு, இரண்டு மணித்தியாலம் மட்டும் தொடருங்கள். உங்களோடு நின்ற அந்த அக்காவோ அம்மம்மாவோ முதற் கிழமைக்காவது அங்கேயும் வர முடியுமா என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.